விவசாயி டூ ஓட்டல் கிச்சன்: பிட்ச் டெக்குக்கு அந்த ஒரு வரிய எழுதுறது எப்படி

நம்ம ஸ்டார்ட்அப் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிங்ககிட்ட காய் எடுத்து கோயம்புத்தூர் ஓட்டல்களுக்கு தர்றதுன்னு வச்சுக்குவோம். இன்வெஸ்டருக்கு காட்டுற டெக்கோட முதல் ஸ்லைடுல, நாம என்ன பண்றோம்னு சொல்ற ஒரு வரியா நான் முதல்ல எழுதினது இது: "விவசாயிகளையும் நகர சமையலறைகளையும் தொழில்நுட்பம் மூலம் நேரடியாக இணைக்கும் தளம்."

முதல் ஸ்டெப், காசு யாரு தர்றாங்களோ அவங்கள வரியில முன்னாடி கொண்டு வாங்க. இங்க பில் கட்டுறது ஓட்டல். "நகர சமையலறை"ன்னா வீட்டு அடுப்படியா, ஹாஸ்டல் மெஸ்ஸா, கேட்டரிங்கான்னு படிக்கிறவருக்கு புரியாது. காய்கறி சப்ளை பண்ற நிஞ்சாகார்ட் கம்பெனிகூட 2015ல வீட்டு டெலிவரியில ஆரம்பிச்சு அப்புறம்தான் கடை, ஓட்டல் பக்கம் மாறுச்சு, ரெண்டும் வேற வேற பிசினஸ்.

ரெண்டாவது ஸ்டெப்லதான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டேன், "நேரடியா"ங்கற வார்த்தை. ஒரு இன்வெஸ்டர் கேட்டாரு, "சரி, மண்டிக்காரர் பண்ற வேலைய இனி யாரு பண்றது?" யோசிச்சுப் பாத்தா மண்டி கமிஷன் மட்டும் வாங்கல, பல ஊரு காய ஒரே இடத்துல சேர்க்குது, தரம் பிரிக்குது, ஓட்டலுக்கு கடன் தருது, மிஞ்சினதையும் எங்கயாவது தள்ளிவிடுது. மண்டிய நடுவுல இருந்து எடுத்தா இந்த வேலையெல்லாம் நம்ம தலையில வந்து விழும். அதனால "நேரடியா"வ அடிச்சிட்டு, இதுல எத நீங்க ஏத்துக்குறீங்களோ அத எழுதுங்க. நாங்க எடுத்தது தரம் பிரிக்கிறது, ஏன்னா ஓட்டல்காரங்களுக்கு தக்காளின்னா ஒரே தக்காளி இல்ல, இன்னைக்கு சட்னிக்கு நல்லா பழுத்தது வேணும், ரெண்டு நாள் வச்சு எடுக்க செங்காய் வேணும்.

மூணாவது, நேரத்த போடுங்க. டிபன் ஓட்டல்ல காலையில காய் லேட்டானா அன்னைக்கு சாம்பாரே லேட்டு.

இப்போ வரி இப்படி வந்துச்சு:

"கோயம்புத்தூர் ஓட்டல்களுக்கு, ஒட்டன்சத்திரம் விவசாயிகள் முந்தின நாள் பறிச்ச காய சமையலுக்கு ஏத்தபடி தரம் பிரிச்சு காலை 6 மணிக்குள்ள இறக்குறோம்."

இதுல 'தொழில்நுட்பம்', 'தளம்' எதுவும் இல்ல, ஆப் பத்தி அடுத்த ஸ்லைடுல சொல்லிக்கலாம்.

கேன்வால உக்காந்து எழுதாதீங்க, டிசைன் அழகா இருந்தா வரியும் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். நான் போன் நோட்ஸ்லதான் எழுதுவேன். எழுதினத ஒரு ஓட்டல் பர்ச்சேஸ் பாக்குற அண்ணனுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பி "என்ன புரிஞ்சுச்சுண்ணா?"ன்னு மட்டும் கேளுங்க. அவரு "ஆப்பா தம்பி?"ன்னு திருப்பிக் கேட்டா வரி இன்னும் சரியா வரல. "வெங்காயமும் வருமா, ரேட் எப்படி?"ன்னு கேட்டா அப்படியே வச்சுக்கோங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு தோழி கேட்டிருந்தாங்க, விவசாயிக்கு என்ன லாபம்னு வரியில காணோமேன்னு. நியாயமான கேள்வி. ஓட்டல் பில்லுக்கு 15 நாள் இழுத்தாலும் விவசாயிக்கு அன்னைக்கே காசு தர்றீங்கன்னா, "அன்னைக்கே பணம் வாங்குற விவசாயிகள்"னு சேர்த்துக்கோங்க. ஆனா அந்த 15 நாளுக்கு கைக்காசு எங்கிருந்து வருதுன்னு நிதி ஸ்லைடுல கண்டிப்பா காட்டணும், அடுத்த கேள்வி அதுலதான் வரும்.