மூலைகளை வெட்டி மடிக்கும் பெட்டி: பெருமக் கனஅளவு காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

15 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் அட்டையின் நான்கு மூலைகளிலும் x பக்கமுள்ள சமச் சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மேல்நோக்கி மடித்தால் மூடியில்லாத பெட்டி ஒன்று கிடைக்கும். அதன் கனஅளவு பெருமமாக இருக்க x எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே கேள்வி. வகைக்கெழு காண்பதில் தவறுவோர் குறைவு. அதற்கு முன்பும் பின்பும் உள்ள படிகளில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது.

முதல் பிழை, நீளத்தை 15 − x என்றும் அகலத்தை 8 − x என்றும் எழுதுவது. ஒவ்வொரு விளிம்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சதுரம் நீங்குவதால், அடிப்பாகத்தின் அளவுகள் 15 − 2x, 8 − 2x என்றே அமையும். சரியான சார்பு இது:

V = x(15 − 2x)(8 − 2x) = 4x³ − 46x² + 120x

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. தவறான சார்பைக் கொண்டு கணக்கிட்டாலும் x = 10/3 என்று நம்பும்படியான ஒரு விடை வந்துவிடுகிறது; அது சரியான விடையின் மிகச் சரியாக இரு மடங்கு. உண்மையில் அந்த அளவுக்கு வெட்டினால், அடிப்பாகத்தின் அகலம் 8 − 20/3, அதாவது 1.33 செ.மீ. மட்டுமே எஞ்சும், கனஅளவும் 37 க.செ.மீ. அளவிலேயே நின்றுவிடும். ஆகவே சமன்பாட்டை எழுதும் முன் அட்டையின் படத்தை வரைந்து, ஒரு விளிம்பை x, எஞ்சிய பகுதி, x என மூன்று துண்டுகளாகக் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, x எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதைக் குறிக்காமல் விடுவது. இதையே மிகக் கடுமையான தவறாக நான் கருதுகிறேன். அகலம் 8 என்பதால், x இங்கே 0-க்கும் 4-க்கும் இடையில்தான் இருக்க முடியும். வகைக்கெழுவைச் சுழியாக்கினால் 12x² − 92x + 120 = 0, அதாவது 3x² − 23x + 30 = 0 என்று கிடைத்து, x = 5/3, x = 6 என்ற இரு மதிப்புகள் வருகின்றன. இவற்றுள் 6-ஐப் பலர் இரண்டாம் வகைக்கெழு மிகையாக இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி நீக்குகிறார்கள். நீக்குவது சரிதான், ஆனால் உண்மையான காரணம் வேறு. 8 செ.மீ. அகலமுள்ள அட்டையில் 6 செ.மீ. சதுரங்கள் இரண்டை அருகருகே வெட்டவே இயலாது.

இந்த வேறுபாடு வெறும் சொல்நயம் அன்று. x = 10 என்று அதே சார்பில் இட்டுப் பாருங்கள்: 10 × (−5) × (−12) = 600. இரண்டு குறை எண்களின் பெருக்கல் மிகையாகிவிடுவதால், இல்லாத ஒரு பெட்டிக்கு மிகப் பெரிய கனஅளவு கிடைத்துவிடுகிறது. இரண்டாம் வகைக்கெழுச் சோதனை x = 5/3-ஐச் சுற்றியுள்ள பகுதியைப் பற்றி மட்டுமே பேசும்; அதுவே மீப்பெரு மதிப்பு என்று உறுதி சொல்லாது. எல்லைகளான x = 0, x = 4 இரண்டிலும் V = 0 என்பதையும், இடையில் ஒரே ஒரு மாறுநிலை எண்ணே உள்ளது என்பதையும் எழுதிய பிறகே முடிவு முழுமை பெறும். அப்போது உயரம் 5/3, நீளம் 35/3, அகலம் 14/3. கனஅளவு 2450/27, அதாவது ஏறத்தாழ 90.74 க.செ.மீ. வினா கனஅளவைக் கேட்டிருக்க, x-ஐ மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது.

சதுர அட்டைக்குப் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டும் என்ற விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள், அதைச் செவ்வகத்துக்கும் பொருத்திவிடுவதுண்டு. இங்கே 8/6 என்று எடுத்தால் கனஅளவு 87.7 ஆகவும், 15/6 என்று எடுத்தால் 75 ஆகவும் குறைந்துவிடும். செவ்வகத்தில் சரியான x, அகலத்தின் ஆறில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையில் அமையும். அகலத்தை மாற்றாமல் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அது நான்கில் ஒரு பங்கை நெருங்கும். நம் அட்டைக்கு இந்த இடைவெளி 1.33 முதல் 2 வரை. 5/3 அதற்குள் இருக்கிறது. (தோராயமாக 1.5 செ.மீ. வெட்டினாலும் 90 க.செ.மீ. கிடைக்கும், பெருமத்துக்கு அருகில் வளைவரை தட்டையாக இருப்பதே காரணம்.)

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. பெருமம் கிடைக்கும் நிலையில், பெட்டியின் அடிப்பரப்பும் நான்கு சுவர்களின் மொத்தப் பரப்பும் சமமாக இருக்கும். V-இன் வகைக்கெழுவை விரிக்காமல் பெருக்கல் விதிப்படி எழுதினால் இந்தச் சமன்பாடே நேரடியாக வெளிப்படும். அடிப்பரப்பு (35/3) × (14/3) = 490/9. சுவர்களின் பரப்பு 2 × (5/3) × (35/3 + 14/3), அதுவும் 490/9.