அடக்க விலையிலிருந்து விற்பனை விலை: 40 சதவீத லாபம் எங்கே நழுவுகிறது?

ஒரு பொருளின் அடக்க விலை 250. அதில் 40 சதவீத லாபம் வேண்டும். விலை எவ்வளவு வைப்பது? பெரும்பாலானவர்கள் உடனே 350 என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். 350-க்கு விற்றால் கையில் நிற்பது 100. விலையில் அது 40 சதவீதம் இல்லை, சுமார் 28.6 சதவீதம்தான். மீதி எங்கே போனது என்று பார்ப்பதற்கு முன், அந்த 250 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். அடக்க விலை தப்பாக இருந்தால் அதற்கு மேல் போடும் கணக்கெல்லாம் வீண்.

முதல் படி: ஒரு பொருளின் அடக்கம்

புதிதாகத் துணிப்பை தைத்து விற்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் வெறும் எண்களாகவே எழுதுகிறேன். ஒரு மாதத்தில் 200 பைகள் தைக்கிறோம். துணி, ஜிப், நூலுக்கு 24,000. தையல் கூலி 11,400. பேக்கிங் 2,600. வாடகை, மின்சாரம் போன்ற மாதச் செலவில் இந்தப் பைகளின் பங்கு 7,600. மொத்தம் 45,600.

இதை 200-ஆல் வகுத்தால் 228 வரும். ஆனால் தைத்த 200 பையும் விற்கும் தரத்தில் இருக்காது. தையல் கோணியது, ஜிப் சிக்குவது என்று 10 பைகள் ஒதுங்கிவிட்டன. அவற்றுக்கும் துணி போட்டோம், கூலி கொடுத்தோம். அந்தச் செலவையும் நல்ல பைகள்தான் சுமக்க வேண்டும். ஆக, 45,600-ஐ 190-ஆல் வகுக்க வேண்டும்: 240.

இன்னொன்று பாக்கி. புதுப் பொருள் என்பதால் வடிவமைப்புக்கும் மாதிரிப் பைகளுக்கும் ஒரே ஒருமுறை 10,000 செலவானது. அதை முதல் மாதத்தின் தலையில் கட்டினால் விலை தாறுமாறாக ஏறும். விட்டுவிட்டால் அந்தப் பணம் திரும்பவே வராது. இந்தப் பையை மொத்தம் 1,000 வரை விற்போம் என்று மதிப்பிட்டு, பை ஒன்றுக்கு 10 சேர்க்கிறேன். அடக்கம் 250.

இங்கே வரி பற்றி ஒரு கேள்வி வரும்: துணி வாங்கும்போது கட்டிய வரியையும் சேர்ப்பதா? நீங்கள் வரிப் பதிவு பெற்று, கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்பப் பெறவோ கழித்துக்கொள்ளவோ முடியுமானால், சேர்க்கக் கூடாது. முடியாது என்றால் அந்த வரியும் உங்களுக்குச் செலவுதான், அடக்கத்தில் சேர்க்க வேண்டும். மேலே உள்ள எண்கள் வரி நீங்கலானவை.

இரண்டாம் படி: லாபம் எதில் 40 சதவீதம்?

350 என்று வந்ததற்குக் காரணம், 40 சதவீதத்தை அடக்க விலையின் மேல் ஏற்றியது. இதற்கு மார்க்கப் என்று பெயர். விற்ற விலையில் எத்தனை சதவீதம் நமக்கு மிஞ்சுகிறது என்பது மார்ஜின். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் புதியவர்களின் லாபம் கரைகிறது.

மார்ஜின் 40 சதவீதம் என்றால் விலையில் 60 சதவீதம் அடக்கத்துக்குப் போகிறது. அதாவது 250 என்பது விலையின் 60 சதவீதம். எனவே பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 250-ஐ 0.60-ஆல் வகுத்தால் 416.67. சரிபார்க்க, 416.67-இலிருந்து 250-ஐக் கழியுங்கள். மீதி 166.67, அது விலையில் சரியாக 40 சதவீதம்.

மூன்றாம் படி: வரி

வரி கடைசியில்தான் ஏறும். விகிதம் 20 சதவீதம் என்று கொள்வோம் (உங்கள் பொருளுக்கு உரியதைப் போட்டுக்கொள்ளுங்கள்). 416.67-ஐ 1.20-ஆல் பெருக்கினால் 500. வாங்குபவர் கொடுப்பது 500. அதில் 83.33 நம் பணமே அல்ல, நம் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

தலைகீழாகப் போகும்போதும் கவனம் வேண்டும். 500-இலிருந்து வரியைப் பிரிக்க அதில் 20 சதவீதத்தைக் கழித்தால் 400 வரும், அது தவறு. 1.20-ஆல் வகுக்க வேண்டும்.

விற்பனைத் தளத்தின் கமிஷன்

நேரடியாக விற்றால் இதோடு முடிந்தது. ஆன்லைன் தளம் வழியாக விற்றால் அவர்கள் கமிஷன் எடுப்பார்கள். 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதை அடக்கத்தில் ஒரு தொகையாகச் சேர்க்க முடியாது. விலை ஏறினால் கமிஷனும் ஏறும், கமிஷன் ஏறினால் விலையை மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே மார்ஜினைப் போலவே இதையும் வகுக்கும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 1-இலிருந்து 0.40-உம் 0.10-உம் போனால் 0.50. 250-ஐ அதால் வகுத்தால் 500, வரியோடு 600.

சரியாகத்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் வாங்குபவர் கொடுக்கும் முழுத் தொகையின் மேல் கமிஷன் கணக்கிடும் தளங்கள் உண்டு. அப்படியானால் கமிஷன் 50 அல்ல, 60. மார்ஜின் 38 சதவீதமாகக் குறையும். உங்கள் தளம் எதன் மேல் கமிஷன் எடுக்கிறது என்று ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். வரியோடு சேர்த்துத்தான் என்றால், 10 சதவீதத்தை 1.20-ஆல் பெருக்கி 12 சதவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 250-ஐ 0.48-ஆல் வகுத்தால் 520.83, வரியோடு 625.

விரிதாளில் B1-இல் அடக்கம், B2-இல் மார்ஜின், B3-இல் வரி, B4-இல் கமிஷன் என்று, சதவீதங்களை 40%, 20%, 10% எனக் குறியோடு போட்டுவிட்டு:

```
B5: =B1/(1-B2-B4*(1+B3))
B6: =B5*(1+B3)
B8: =(B7/(1+B3)-B7*B4-B1)/(B7/(1+B3))
```

B5 வரி நீங்கலான விலை, B6 வரியோடு. B7-ஐக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் உண்மையில் வைக்கப்போகும் விலையை அங்கே எழுதினால், கையில் நிற்கும் மார்ஜினை B8 சொல்லும். நான் அதிகம் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். 625 கண்ணுக்கு அழகாக இல்லை என்று 599 வைத்தால் 37.9 சதவீதம் வரும். 625-இல் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்து 562.50 ஆக்கினால் 34.7 சதவீதம். மார்ஜின் கொஞ்சம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு பைக்கான லாபம் 208-இலிருந்து 162.50-க்கு இறங்கியிருக்கும். 10 சதவீதத் தள்ளுபடி லாபத்தில் 22 சதவீதத்தைக் கொண்டுபோகிறது. தள்ளுபடி கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதல் விலையிலேயே யோசித்து வையுங்கள்.

இந்த முறையின் பலவீனம்

அடக்கம் 250 என்பது மாதம் 200 பைகள் தைத்தால் மட்டுமே. 100-தான் தைக்கிறோம், அதில் 95 தேறுகிறது என்றால் துணி, கூலி, பேக்கிங் பாதியாகும், வாடகை குறையாது. 19,000-உம் 7,600-உம் சேர்ந்து 26,600. 95-ஆல் வகுத்தால் 280, வடிவமைப்புச் செலவோடு 290. அதே 625-க்கு விற்றாலும் மார்ஜின் 32 சதவீதம்தான்.

இந்த இடத்தில் அடக்கம் கூடிவிட்டதே என்று விலையை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் விற்பனை மேலும் குறையலாம், அப்புறம் அடக்கம் இன்னும் ஏறும். அதனால் B1-ஐ ஒரே எண்ணாக வைக்காமல், மாதம் 100, 150, 200 பைகள் என்று B, C, D ஆகிய மூன்று பத்திகளாகப் போட்டு, மற்ற எண்களையும் சூத்திரங்களையும் C, D-க்கும் நகலெடுங்கள். அடுத்து, இதே மாதிரிப் பைகளை மற்றவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்து, அந்த விலையை மூன்று பத்திகளிலும் ஏழாம் வரிசையில் இடுங்கள். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது துணி வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.