பீநட் பட்டரில் புரதம் எவ்வளவு? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

ஒரு கடையில் வாங்கிய பீநட் பட்டர் டப்பாவில் நூறு கிராமுக்கு 27 கிராம் புரதம் என்று போட்டிருந்தார்கள். அதே டப்பாவில் வேர்க்கடலை 84 சதவீதம்தான், மீதி சர்க்கரையும் எண்ணெயும் உப்பும். நான் வீட்டில் வெறும் கடலையை மட்டும் அரைத்துக் கணக்குப் போட்டால் 28 வருகிறது. சர்க்கரை கலந்ததும் கலக்காததும் கிட்டத்தட்ட ஒரே அளவா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: அரை கிலோ பச்சை வேர்க்கடலை, மிக்ஸி, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் டிஜிட்டல் தராசு. ஸ்பூன் கணக்கை நம்ப வேண்டாம். தலைதட்டிய ஒரு டேபிள்ஸ்பூன் பீநட் பட்டர் 16 கிராம். நான் கோபுரமாக அள்ளும் ஸ்பூனை நிறுத்தால் 24 கிராம். இதிலேயே பாதிக்குப் பாதி பிழை வந்துவிடும்.

படி 1: பச்சைக் கடலையிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுப்படி 100 கிராம் பச்சை வேர்க்கடலையில் புரதம் 25.8 கிராம், கலோரி 567. அப்படியானால் 500 கிராம் கடலையில் 129 கிராம் புரதம், 2835 கலோரி. இந்த 129-ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி வறுத்தாலும் அரைத்தாலும் எதைக் கலந்தாலும் இந்த எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மாறப்போவது மொத்த எடை மட்டும்.

படி 2: வறுத்து, தோல் நீக்கி, மறுபடி நிறுங்கள்

வறுப்பது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தோலை முறத்தில் புடைத்து எடுத்தபின் எனக்கு 460 கிராம் வந்தது. குறைந்த 40 கிராமில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் தோல். தோலோடு போகும் புரதம் மிகக் குறைவு, விட்டுவிடலாம்.

129 ÷ 460 × 100 = 28

வறுத்ததால் புரதம் கூடிவிடவில்லை. தண்ணீர் போனதால் நூறு கிராமுக்கான எண் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அவித்த கடலையில் இதற்கு நேர் எதிராக நடக்கும். தண்ணீரைக் குடித்துக்கொள்வதால் நூறு கிராமுக்குச் சுமார் 13 கிராம்தான் காட்டும். அதைப் பார்த்து அவித்த கடலையில் சத்துப் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

படி 3: அரையுங்கள், எண்ணெய் ஊற்றாமல்

எண்ணெய் உள்ளே நுழையும் இடம் இதுதான். இரண்டு மூன்று நிமிடத்தில் கடலைப் பொடி உருண்டையாகத் திரண்டு ஜாரில் ஒட்டிக்கொள்ளும். 'சரி, அரைபடவில்லை' என்று நினைத்து எல்லோரும் எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். தேவையே இல்லை. மிக்ஸியை நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, ஐந்து நிமிடம் மோட்டாரை ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கடலை இளஞ்சூட்டில் இருந்தால் அதன் சொந்த எண்ணெயே பிரிந்து, உருண்டை திடீரென்று இளகி விழுதாகிவிடும். எனக்கு நான்காவது சுற்றில் இளகியது. சின்ன சட்னி ஜார்தான் இதற்கு நல்லது, பெரிய ஜாரில் கடலை பிளேடுக்கு எட்டாமல் ஓரத்தில் அப்பிக்கொள்ளும்.

இப்படி அரைத்ததில் 30 கிராம் தின்றாலும், வறுத்த முழுக்கடலையில் 30 கிராம் தின்றாலும், புரதம் ஒன்றேதான்: 8.4 கிராம்.

படி 4: இப்போது கலந்து பாருங்கள்

அந்த 460 கிராமில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் (27 கிராம்), 50 கிராம் சர்க்கரை சேர்க்கிறோம் என்று வையுங்கள். மொத்தம் 537 கிராம்.

129 ÷ 537 × 100 = 24

28 இறங்கி 24 ஆகிவிட்டது. இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் கலோரியைப் பாருங்கள். எண்ணெய் கிராமுக்கு 9 வீதம் 243, சர்க்கரை கிராமுக்கு 4 வீதம் 200. மொத்தம் 3278 கலோரி. நூறு கிராமுக்கு 610. கலக்காத விழுதில் நூறு கிராமுக்கு 616! எண்ணெயும் சர்க்கரையும் கொட்டியபின் கலோரி குறைந்ததுபோல் தெரிகிறது. காரணம் எளிது: எண்ணெய் கலோரி அளவை மேலே தூக்குகிறது, கடலையைவிடக் கலோரி குறைந்த சர்க்கரை கீழே இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. லேபிளில் நூறு கிராமுக்கான கலோரியை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம்.

அதனால் நான் இப்போது பார்ப்பது நூறு கலோரிக்கு எவ்வளவு புரதம் என்பதை. வெறும் விழுதில் 129 ÷ 28.35, அதாவது 4.6 கிராம். கலந்ததில் 129 ÷ 32.78, அதாவது 3.9 கிராம். இங்கே எதுவும் ஒளிய முடியாது.

சர்க்கரைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. கடலையிலேயே இயற்கையாக நூறு கிராமுக்கு 5 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. லேபிளில் மொத்தச் சர்க்கரை 5 என்றால் பயப்பட வேண்டாம். 13, 14 என்றால் மேலே இருப்பது சேர்த்தது.

படி 5: நான் தடுக்கி விழுந்த இடம்

சரி, அந்த 84 சதவீத டப்பாவுக்கு வருவோம். 28-இல் 84 சதவீதம் 23.5. டப்பாவிலோ 27. கூடுதல் மூன்றரை கிராம் எங்கிருந்து வந்தது? பொய் சொல்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன்.

பொய் இல்லை. ஆய்வகத்தில் பொதுவாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். லேபிள்களுக்குப் பொதுவாக 6.25. வேர்க்கடலைக்கென்று தனியாக உள்ள எண் 5.46. அமெரிக்க வேளாண் துறையின் 25.8 இந்த 5.46-ஆல் பெருக்கி வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 6.25 ÷ 5.46, அதாவது 1.145-ஆல் பெருக்கினால் போதும்.

23.5 × 1.145 = 26.9

டப்பாவின் 27 வந்துவிட்டது! வீட்டு விழுதையும் அதே அளவுகோலில் பார்த்தால் 28 அல்ல, 32. ஆகவே தரவுப் பட்டியலின் எண்ணையும் லேபிள் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். லேபிளை லேபிளோடு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் 1.145-ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

இடையில் ஒரு செய்தி: அமெரிக்காவில் 90 சதவீதமாவது கடலை இருந்தால்தான் பீநட் பட்டர் என்ற பெயரே வைக்க முடியும். 90-ஆ 87-ஆ என்று உற்பத்தியாளர்களும் அரசும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி வந்த விதி அது. என் 84 சதவீத டப்பாவுக்கு அங்கே அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

பின்சேர்க்கை: மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார். 30 கிராம் எண்ணெயை வடித்துப் பார்த்தேன். 129 ÷ 430, நூறு கிராமுக்கு 30 கிராம் புரதம். நூறு கலோரிக்கு 5 கிராம். கணக்கில் லாபம்தான். ஆனால் டப்பாவின் அடியில் மிஞ்சியது களிமண் மாதிரி இறுகி, ரொட்டியில் தடவப் போனால் ரொட்டி கிழிந்தது. இப்போது டப்பாவைத் தலைகீழாக வைத்து, எண்ணெயை மறுபடி கலக்கித்தான் சாப்பிடுகிறேன்.