எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கிய பணத்தைக் கடையிடம் கடிதம் எழுதித் திரும்பக் கேட்பது எப்படி?

போன மே மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. வெயில் கொளுத்தியதால், வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டு பெட்டி குளிர்பானம் வாங்கினேன். பெட்டிக்கு 24 என்று மொத்தம் 48 பாட்டில். கடைக்காரர் பாட்டிலுக்கு 23 ரூபாய் போட்டு 1,104 ரூபாய்க்கு பில் கொடுத்தார். பாட்டிலில் 20 என்று போட்டிருக்கிறதே என்று கேட்டால், "கூலிங் சார்ஜ் சார், கரண்ட் பில் யார் கட்டுறது?" என்றார். விசேஷ அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அதன்பிறகு ஒரு கடிதம் எழுதித்தான் அதிகப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். அதை எப்படி எழுதினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: இது கேட்கக்கூடிய பணம்தானா?

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதனால் அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்றோ, குளிர்வித்த கூலி என்றோ கடையில் சேர்த்து வாங்க முடியாது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இல் விதி 18(2) இதைத்தான் சொல்கிறது. கடிதத்தில் குறிப்பிட இந்த ஒரு விதி போதும்.

ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கினார்கள் என்றால் இந்தக் கடிதம் உதவாது. அங்கே பரிமாறும் சேவையும் சேர்ந்திருக்கிறது, அதனால் எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. உதிரியாக நிறுத்துத் தரும் காய்கறி, மளிகைக்கும் அச்சிட்ட விலை கிடையாது, அதனால் அதுவும் இதில் வராது.

அடுத்தது: ஆதாரம்

பில் மட்டும் போதாது. யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டில் மொத்தத் தொகைதான் இருக்கும், என்ன வாங்கினீர்கள் என்று இருக்காது. பொருளின் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் விலை மூன்றும் உள்ள பில் வேண்டும். துண்டுச் சீட்டில் வெறும் மொத்தத்தை எழுதிக் கொடுத்தால், "எத்தனை, என்ன விலைன்னு எழுதிக் கொடுங்க" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பில்லோடு, எம்.ஆர்.பி. அச்சிட்ட பகுதியின் போட்டோ வேண்டும். அதில் பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் விலையோடு சேர்ந்து தெரிய வேண்டும். காலி பாட்டில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பழைய விலை மேல் அதிக விலையுள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் போட்டோ எடுங்கள். விலையைக் குறைக்கத்தான் பொதுவாக ஸ்டிக்கர் ஒட்டலாம், கூட்டுவதற்கு அல்ல.

கணக்கு: பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்

பாட்டிலுக்கு 3 ரூபாய், 48 பாட்டில், ஆக 144 ரூபாய் என்று எழுதி, கடிதத்தை மடித்தும் வைத்துவிட்டேன். நல்லவேளை, கடையில் கொடுப்பதற்கு முன்பு காலி பாட்டில்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். முதல் பெட்டியில்தான் 20 ரூபாய். இரண்டாவது பெட்டி புதிய பேட்ச், அதில் 22 என்று இருந்தது. நான் கடையில் பார்த்தது மேலே இருந்த பெட்டியை மட்டும்தான்.

அப்படியானால் சரியான கணக்கு: 24 பாட்டிலுக்கு 3 ரூபாய் வீதம் 72, இன்னொரு 24-க்கு 1 ரூபாய் வீதம் 24. ஆக 96 ரூபாய். 144 என்று அனுப்பியிருந்தால் கடைக்காரர் 22 ரூபாய் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டியிருப்பார், அதோடு என் கடிதம் முழுக்கப் பொய்யாகிவிட்டிருக்கும். இணையத்தில் பார்த்த விலையையோ பக்கத்துக் கடை விலையையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் கைக்கு வந்த பொட்டலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் விலை.

கடிதம்

"மோசடி", "கொள்ளை" போன்ற சொற்கள் வேண்டாம். நஷ்ட ஈடு, மன உளைச்சல், மன்னிப்பு எதையும் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு தொகையைக் கேட்டால் கடைக்காரர் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். நான்கைக் கேட்டால் வக்கீலைத் தேடுவார். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

> அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண்
> பெறுநர்: உரிமையாளர், கடையின் பெயர், முகவரி
> நாள்: 12.05.2025
>
> பொருள்: அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிய ரூ. 96-ஐத் திருப்பித் தரக் கோருதல்
>
> ஐயா, வணக்கம்.
>
> 10.05.2025 அன்று தங்கள் கடையில் 48 குளிர்பான பாட்டில்கள் வாங்கினேன். பாட்டில் ஒன்றுக்கு ரூ. 23 வீதம் ரூ. 1,104 செலுத்தினேன். இவற்றில் 24 பாட்டில்களின் எம்.ஆர்.பி. ரூ. 20, மற்ற 24 பாட்டில்களின் எம்.ஆர்.பி. ரூ. 22. இதன்படி வாங்கியிருக்கக்கூடிய அதிகபட்சத் தொகை ரூ. 1,008. கூடுதலாக வாங்கியது ரூ. 96.
>
> சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011, விதி 18(2)-இன்படி அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. எனவே ரூ. 96-ஐ இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் மேற்கண்ட கைபேசி எண்ணுக்கு யு.பி.ஐ. மூலமோ, நேரிலோ திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்வேன்.
>
> இப்படிக்கு,
> கையொப்பம்
>
> இணைப்பு: பில் நகல், இரு பேட்ச் பாட்டில்களின் விலைப் படங்கள்

அசல் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும்.

கொடுப்பது

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் கொடுத்தால் முதலாளிக்கு ரோஷம் வந்துவிடும், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான செலவு 96 ரூபாயில் பாதியை விழுங்கினாலும் விழுங்கும். 5 ரூபாய் விவகாரம் என்றால் நான் தபாலுக்குப் போக மாட்டேன், வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுத்திக்கொள்வேன்.

7 நாள் கழிந்தும் பதில் இல்லை என்றால்

1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் பதியுங்கள். கடிதமும் ஆதாரமும் அப்படியே இணைப்புக்கு உதவும். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பலர் நேராகத் தொழிலாளர் துறைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அந்தத் துறைதான், புகார் கொடுத்தால் ஆய்வாளர் வந்து கடைக்கு அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த அபராதம் அரசுக் கணக்குக்குப் போகும், உங்கள் 96 ரூபாய் அதிலிருந்து வராது. கடைக்காரர் அபராதம் கட்டிய பிறகு போய்ப் பணம் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கடிதத்தை முதலில் வைத்தேன்.

எனக்கு நான்காம் நாள் யு.பி.ஐ.யில் 96 ரூபாய் வந்தது, செய்தி எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய், அவரிடம் இருந்த பிரதியில் "ரூ. 96 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மேஜை டிராயரில் போட்டவர், "அந்த இன்னொரு பெட்டி 22-ன்னு நீங்களாவே எழுதியிருந்தீங்களே" என்றார்.