அரட்டைச் செய்தியிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை அறிக்கை

திட்டக் குழுவின் அரட்டையில் இப்படி ஒரு செய்தி வருகிறது: “பணம் செலுத்தும் பகுதி கிட்டத்தட்ட முடிந்தது. வங்கியின் ஒப்புதல்தான் பாக்கி. வந்துவிடும், கவலை வேண்டாம்.” இதைப் படித்ததும், நிர்வாகிக்கு அனுப்பும் நிலை அறிக்கையில் பச்சை, அதாவது எல்லாம் சரியாகப் போகிறது என்று போடத் தோன்றும். போடாதீர்கள்.

முதலில் குழுவிடம் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: வெளியீடு எப்போது, ஒப்புதல் எப்போதைக்குள் வந்தாக வேண்டும். பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியீடு ஜூன் 30. ஒப்புதலுக்குப் பிறகு சோதனைக்கு 10 நாள் தேவை. அப்படியானால் ஒப்புதல் ஜூன் 20-க்குள் வந்தாக வேண்டும். இன்று 12, வங்கி எந்தத் தேதியும் சொல்லவில்லை. எனவே இது மஞ்சள். தேதிக்கு ஆபத்து இருக்கிறது, ஆனால் குழுவே சமாளிக்க இன்னும் வழி இருக்கிறது. அந்த வழியும் அடைபட்டு, மேலிடம் தலையிடாமல் தேதி நிற்காது என்றால்தான் சிவப்பு.

அறிக்கையில் போக வேண்டியது இவ்வளவே:

“மஞ்சள்: பணம் செலுத்தும் பகுதி. வங்கி ஒப்புதல் நிலுவையில் உள்ளது. ஜூன் 20-க்குள் வராவிட்டால் 30-ஆம் தேதி வெளியீடு தள்ளிப்போகும். திட்ட மேலாளர் தினமும் வங்கியுடன் பேசுகிறார். 17-ஆம் தேதிவரை பதில் இல்லையெனில், நிதி இயக்குநர் வங்கி மேலாளரிடம் பேச வேண்டும்.”

கடைசி வாக்கியம்தான் உயிர். நிர்வாகி நிறத்தைப் பார்த்தவுடன் தேடுவது, தன்னிடம் என்ன கேட்கிறார்கள், எப்போதைக்குள் என்பதைத்தான். ‘கிட்டத்தட்ட’, ‘வந்துவிடும்’ போன்ற சொற்கள் அறிக்கைக்குள் நுழையவே கூடாது. அவை இருக்கும் இடத்தில் ஒரு தேதி மறைந்திருக்கிறது. நிறத்தை மாற்றும் முன் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தங்கள் பகுதி மஞ்சளானதை அவர்கள் கூட்டத்தில் முதன்முறையாகப் பார்த்தால், அடுத்த வாரம் அரட்டையில் உண்மை வராது.