சோலார் போட்ட யூனிட்டுக்கு எண்ணோடு கேப்ஷன் எழுதுவது எப்படி?

திருப்பூரில் தெரிந்தவர்களின் பின்னலாடை யூனிட்டுகளுக்கு அவ்வப்போது இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதித் தருவேன். கூரையில் சோலார் போட்டதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பசுமையா ஒரு நாலு வரி போட்டுக் குடுங்க." அந்த நாலு வரியை எண்ணோடு எழுதும் முறை இது. பேனல் எத்தனை கிலோவாட் போடலாம், மானியம் உண்டா என்பதற்கெல்லாம் இங்கே போகவில்லை.

முதலில் எழுதக் கூடாததைப் பார்த்துவிடலாம். "சூரிய ஒளியில் உருவான டி-ஷர்ட். பசுமையான நாளைக்காக நாங்கள்!" இப்படித்தான் பலரும் போடுகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுச் சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்கிறது அது. உங்கள் கடைப் பக்கத்தில் போடும் கேப்ஷனும் விளம்பரம்தான்.

படி 1: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கோடு போடுங்கள்

நம் யூனிட்டில் நடப்பது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். நூலாக வந்து டி-ஷர்ட்டாகப் போகும் வழியில் மின்சாரமும் நீராவியும் நிறையச் செலவாவது சாயப்பட்டறையில். அது நம் கூரைக்குக் கீழே இல்லை. ஆகவே 'சோலார் டி-ஷர்ட்' என்று சொல்ல முடியாது, 'எங்கள் தையல் யூனிட்டின் மின்சாரம்' என்று மட்டும் சொல்லலாம்.

இதே இடத்தில் இன்னொன்று. "எங்கள் சாயப்பட்டறை ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடுவதில்லை" என்று பெருமையாகப் போடுகிறார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை வெளியே விட்டதற்காகத்தான். சட்டப்படி செய்தே ஆகவேண்டியதைச் சாதனையாகச் சொல்லாதீர்கள், ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

படி 2: மூன்று ரீடிங்

ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு வருடத்துக்கும் எடுங்கள். கோடையில் மூன்று மாதம் பார்த்துவிட்டு நான்கால் பெருக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிடும். தேவையான எண்கள் மூன்று. இ.பி. லைனிலிருந்து வாங்கியது (இம்போர்ட்), சோலார் உற்பத்தி செய்தது, லைனுக்கு அனுப்பியது (எக்ஸ்போர்ட்). முதலும் கடைசியும் இ.பி. பில்லில் கிடைக்கும், நடுவில் உள்ளது சோலாரின் தனி மீட்டரில்.

படி 3: சதவீதம் (இங்கேதான் எல்லோரும் சறுக்குவது)

கூரையில் 20 கிலோவாட் சோலார் போட்ட ஒரு யூனிட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். எண்களை எளிமைக்காக ஆயிரத்துக்கு உருட்டியிருக்கிறேன். இம்போர்ட் 40,000 யூனிட், உற்பத்தி 28,000, எக்ஸ்போர்ட் 6,000.

கணக்குப்பிள்ளை 28,000-ஐ 40,000-ஆல் வகுத்து "70 சதவீதம் சோலார்" என்பார். முதலாளிக்கும் அது பிடித்துப்போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் மெஷின் ஓடாது, பேனல் மட்டும் ஓடும். அப்போது லைனுக்குப் போன 6,000 யூனிட்டை நாம் பயன்படுத்தவில்லை. நாம் எரித்தது 22,000 தான். கீழே வகுக்க வேண்டியதும் இ.பி.யிடம் வாங்கியதை மட்டும் அல்ல, யூனிட் செலவழித்த மொத்த மின்சாரத்தை. அதாவது 40,000 கூட்டல் 22,000, ஆக 62,000. விடை 35 சதவீதம். எழுபது எங்கே, முப்பத்தைந்து எங்கே!

ஷீட்டில் A இம்போர்ட், B உற்பத்தி, C எக்ஸ்போர்ட் என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இது:

```
=(B2-C2)/(A2+B2-C2)
```

நான் கூகுள் ஷீட்டில்தான் போடுவேன். அதே ஷீட்டை அப்படியே பொதுவில் காட்டலாம் என்பதே காரணம்.

படி 4: கார்பன் கணக்கு வேண்டுமா?

என்னைக் கேட்டால் மின்சார யூனிட் கணக்கே போதும். வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள். இன்வெர்ட்டர் ஆப்பில் இலை படம் போட்டு "இத்தனை டன் மிச்சம், இத்தனை மரம்" என்று காட்டும். அந்த டன்னைக் கிலோவாக்கி யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். விடை 1-ஐ ஒட்டி வந்தால் அந்த ஆப் நம் நாட்டு எண்ணைப் பயன்படுத்தவில்லை. மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு வருடமும் இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் சராசரியை வெளியிடுகிறது. 2023-24-க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ. நாம் பயன்படுத்திய 22,000 யூனிட்டுக்கு 16 டன் வரும். ஆப்போ மொத்த உற்பத்தியையும் எடுத்துக்கொண்டு 28 டன் என்று காட்டியிருக்கும். மரக் கணக்கை விட்டுவிடுங்கள், எந்த மரம், எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

படி 5: எழுதுவது

'மேலும் படிக்க' தட்டாமல் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். எண் அங்கேயே வந்துவிட வேண்டும். பண்டிகை வாழ்த்து, ஈமோஜி எல்லாம் அப்புறம்.

> எங்கள் தையல் யூனிட் செலவழித்த மின்சாரத்தில் 35% கூரை சோலார். 2023-24-ல் மொத்தம் 62,000 யூனிட், அதில் சோலார் 22,000. மீதி 40,000 இ.பி.யில் வாங்கியது. இது கட்டிங் முதல் பேக்கிங் வரைக்கும்தான். நிட்டிங்கும் சாயமும் வெளியே நடக்கின்றன, அவை இந்தக் கணக்கில் இல்லை. மாதவாரி ரீடிங் பயோ லிங்க்கில்.

'மீதி 40,000' வரியை எடுத்துவிடச் சொல்லி எல்லா முதலாளியும் கேட்பார்கள். எடுக்காதீர்கள். படிப்பவர் 35-ஐ நம்புவதே அந்த வரியால்தான். படத்துக்கு, உள்ளங்கையில் செடி முளைக்கும் ரெடிமேட் டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். மீட்டரின் போட்டோ போடுங்கள், kWh எண் தெளிவாகத் தெரியட்டும், சர்வீஸ் நம்பரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: "ஜெனரேட்டரை எங்கே காணோம்?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே சோலார் உள்ள யூனிட்டிலும் டீசல் ஓடும். ஜெனரேட்டருக்கு மீட்டர் இருந்தால் அந்த ரீடிங், இல்லாவிட்டால் லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் என்று போடலாம். வருடத்துக்கு 300 லிட்டர் போனால் ஏறக்குறைய 900 யூனிட். மொத்தம் 62,900 ஆகிறது, சதவீதம் 35-லேயே நிற்கிறது. ஆனாலும் 'மீதி' வரியை "40,000 இ.பி.யில், சுமார் 900 டீசல் ஜெனரேட்டரில்" என்று மாற்றி எழுதுங்கள். ஷீட்டில் D என்று ஒரு பத்தி சேர்த்து, சூத்திரத்தில் வகுக்கும் பக்கம் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்:

```
=(B2-C2)/(A2+B2-C2+D2)
```