"எப்போ வேண்டுமானாலும் வாங்க" என்று பெற்றோருக்குப் பதில் போடாதீர்கள்

எஸ்பிஎம் ரிசல்ட் வந்ததும் தனியார் கல்லூரிகளின் சேர்க்கைப் பிரிவில் வாட்ஸ்அப் ஓயாது. சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அம்மா பினாங்குத் தீவிலுள்ள கல்லூரிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மகள் நர்சிங் டிப்ளோமா படிக்க ஆசைப்படுகிறாள். நேரில் பார்க்கணும். ஹாஸ்டலும் பார்க்கலாமா? அவள் அப்பா லீவு எடுக்கணும், எந்த நாள் வரலாம்?"

வழக்கமாகப் போகும் பதில் இப்படி இருக்கும்: "நன்றி அம்மா. திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலக நேரத்தில் எப்போதும் வரலாம். எல்லா வசதிகளையும் சுற்றிக் காட்டுவோம்." மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இதை வைத்து அந்த அப்பா லீவு கேட்க முடியாது. அதோடு, ஹாஸ்டல் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

முதல் தவறு நாளில்தான். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். அந்த அப்பா கெடாவில் அரசு வேலையில் இருந்தால் ஞாயிறு அவருக்கு வேலை நாள், வெள்ளி ஓய்வு நாள். பினாங்கு ஊழியர் தன் பழக்கத்தில் "ஞாயிறு ஓப்பன் டேக்கு வாங்களேன்" என்று எழுதினால் அழைப்பு வீண். எல்லை தாண்டி வரும் குடும்பத்துக்கு வெள்ளி காலை, சனி காலை இரண்டும்தான் தோது. வெள்ளி மதியத்தைக் கொடுக்காதீர்கள்: தொழுகை நேரத்தில் லேப் உதவியாளரும் ஹாஸ்டல் வார்டனும் இடத்தில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நேரம் இரண்டு போதும். ஐந்தாறு கொடுத்தால் வீட்டில் பேசி முடிவெடுக்கவே ஒரு வாரம் ஓடிவிடும். ஆரம்ப நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள், பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். எதுவரை அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருப்பீர்கள் என்பதும் வேண்டும்.

அப்புறம் அந்த "எல்லா வசதிகளும்". பெரிய சங்கடம் இங்கேதான் வரும். குடும்பம் வந்து நிற்கும்போது லேபில் செய்முறைத் தேர்வு நடக்கிறது, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஹாஸ்டலோ வளாகத்துக்கு வெளியே, வேனில் போக வேண்டிய தூரத்தில். பெண்கள் ஹாஸ்டல் என்றால் அப்பாவை அறைப்பக்கம் விடமாட்டார்கள், வாசலில் வைத்துத்தான் அது அவருக்குத் தெரியவருகிறது. தவறு விதியில் இல்லை, முன்கூட்டியே சொல்லாததில். ஆகவே நேரத்தை அனுப்புமுன் லேப் அட்டவணையைப் பாருங்கள், வார்டனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாதிரி அறை ஒன்றை மட்டும்தான் திறப்பார்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அம்மா. உங்களுக்காக இரண்டு நேரம் வைத்திருக்கிறேன். மே 8 வெள்ளி காலை 9.30 முதல் 11.30 வரை, அல்லது மே 9 சனி காலை 10 முதல் 12 வரை. வெள்ளி வந்தால் மாணவிகள் பயிற்சி செய்வதைப் பார்க்கலாம். சனிக்கிழமை வகுப்பு இல்லை, லேபை மட்டும் திறந்து காட்டுவோம். முதல் 45 நிமிடம் நர்சிங் லேபும் நூலகமும். அடுத்த 45 நிமிடம் ஹாஸ்டல். அது வெளியே இருக்கிறது, எங்கள் வேனில் போய் வரலாம். நீங்களும் மகளும் ஒரு மாதிரி அறையைப் பார்க்கலாம், அப்பா வரவேற்பறை வரை வரலாம். கடைசி அரை மணி நேரம் கட்டணம், பிடிபிடிஎன் கடன் பற்றிப் பேசுவோம். ரிசல்ட் நகல் கொண்டு வாருங்கள். எந்த நாள், எத்தனை பேர், கார் நம்பர் என்ன என்று செவ்வாய் மாலை 5 மணிக்குள் சொன்னால் கார்டு போஸ்டில் சொல்லி வைக்கிறேன்."

வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். காலியான லேபை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர், "ஆளே இல்லாத கல்லூரி" என்று ஊரில் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கட்டணத்தை மெசேஜிலேயே கொட்டிவிடுவதும் வேண்டாம், கேட்டும் மறைப்பதும் வேண்டாம். கேட்டிருந்தால் கட்டண அட்டவணையை இணைத்துவிடுங்கள். கடன் "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது பிடிபிடிஎன் முடிவு செய்வது.

வழி சொல்லும்போது இன்னொன்று. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் ஆட்களும்தான். பழைய நினைப்பில் ஜெட்டிக்குப் போய்த் திரும்பினால் 9.30 மணி வருகை நடக்காது. பாலம் வழியாக வரச் சொல்லி, வளாகத்தின் எந்த வாசல் என்று மேப் இணைப்பை அனுப்புங்கள். ஒரே வளாகத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் கூகள் மேப் பின்வாசலில் கொண்டுபோய் விடக்கூடும்.

முந்தைய நாள் மாலை நினைவூட்டலாக மூன்று வரி போதும்: நேரம், வாசல், அழைத்துப்போக வருபவரின் பெயரும் நம்பரும்.